சோழகக் காற்றில் பண்ணைப் பாதை: போகும் ஐந்தும் வரும் ஐந்தும்

யாழ்ப்பாணத்தில் நெடுந்தூரம் ஓடிப் பழகுகிறவர்களுக்கு மேடு என்று ஒன்று கிடையாது. குடாநாடு தட்டையான நிலம். இங்கே மேட்டின் வேலையைக் காற்றுத்தான் செய்கிறது. வைகாசியில் தொடங்கிப் புரட்டாசி வரை தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோழகம், ஊருக்குள் வேலிகளாலும் வீடுகளாலும் மரங்களாலும் உடைபட்டுவிடுவதால் அவ்வளவாகத் தெரிவதில்லை. ஆனால் கோட்டையைத் தாண்டிப் பண்ணைப் பாதையில் இறங்கி, இரு பக்கமும் கடல்நீரேரி விரிந்து கிடக்க மண்டைதீவுச் சந்தியை நோக்கி ஓடத் தொடங்கினால், அந்தக் காற்றைத் தடுக்க வழியில் ஒன்றுமே இருக்காது. அந்தப் பாதை தென்மேற்காகவே போகிறது என்பதால், இந்த மாதங்களில் போகும்போது காற்று முகத்திலும் வரும்போது முதுகிலும் இருக்கும்.

இப்படிப் போய் அதே வழியில் திரும்பும் ஓட்டங்களைப் பற்றி எங்களுக்குள் ஒரு நம்பிக்கை உண்டு. போகும்போது காற்றிடம் இழந்த நேரத்தை வரும்போது அதே காற்றிடமிருந்து திருப்பி வாங்கிவிடலாம், கடைசியில் கணக்கு நேராகிவிடும் என்பதே அது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்கு நேராவதில்லை. எவ்வளவு நேராவதில்லை என்பதைத் தெரிந்துகொண்டால், எதிர்காற்றில் எப்படி ஓடுவது, யாருக்குப் பின்னால் ஓடுவது, திரும்பிய பிறகு என்ன செய்வது என்ற மூன்று கேள்விகளுக்கும் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். 60 கிலோ எடையுள்ள ஒருவர், காற்றில்லாத நாளில் 10 கிலோமீற்றரை 50 நிமிடத்தில் ஓடக்கூடியவர். அதாவது கிலோமீற்றருக்கு 5 நிமிடம், மணிக்கு 12 கிலோமீற்றர் வேகம். இன்று அவர் பண்ணையிலிருந்து 5 கிலோமீற்றர் போய்த் திரும்புகிறார். வானிலை முன்னறிவிப்பில் காற்றின் வேகம் மணிக்கு 25 கிலோமீற்றர் என்று போட்டிருக்கிறது. இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது, ஏனென்றால் முன்னறிவிப்பில் சொல்லப்படுவது தரையிலிருந்து 10 மீற்றர் உயரத்தில் வீசும் காற்று. தரையை நெருங்க நெருங்க அது வேகம் குறையும். திறந்த நீர்ப்பரப்பை ஒட்டிய பாதையில் நெஞ்சளவு உயரத்தில் ஏறக்குறைய 18 கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்ளலாம்.

காற்று உடலின் மேல் செலுத்தும் விசை, காற்றுக்கும் உடலுக்கும் இடையிலான வேகத்தின் இருபடியாகக் கூடுகிறது. அந்த வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். காற்றே இல்லாத நாளிலும் நம்மவர் மணிக்கு 12 கிலோமீற்றரில் ஓடுவதால், நின்றுகிடக்கும் காற்றே அவரை 300 கிராம் எடை பின்னுக்கு இழுப்பது போல எதிர்க்கிறது. இன்று 18 கிலோமீற்றர் எதிர்காற்றில் அதே வேகத்தில் ஓடினால் உடலில் மோதுவது 30 கிலோமீற்றர் காற்று. அப்போது எதிர்ப்பு ஏறக்குறைய 2 கிலோவாகிறது. திரும்பி வரும்போது பின்னால் 18, முன்னால் 12, மிச்சம் 6 கிலோமீற்றர் காற்றுத்தான் முதுகில் படுகிறது. அது தரும் தள்ளுவிசை 80 கிராம் அளவுதான். காற்றில்லாத நாளோடு ஒப்பிட்டால் போகும்போது கூடுதலாகச் சுமப்பது 1,700 கிராம், வரும்போது மிச்சமாவது 380 கிராம். இருபடி என்ற ஒரே காரணத்தால், எடுத்ததில் கால் பங்கைக்கூடக் காற்று திருப்பிக் கொடுப்பதில்லை.

இதை நேரமாக மாற்ற ஒரு வழி உண்டு. உடல் எடையின் 1 சதவீத அளவு விசை பின்னுக்கு இழுத்தால் ஓட்டத்தின் சக்திச் செலவு ஏறக்குறைய 6 சதவீதம் கூடுவதாக ஓடுபொறியில் அளந்திருக்கிறார்கள். அந்த அளவை நம்மவருக்குப் பொருத்திப் பார்த்தேன். அவர் தன் வழக்கமான முயற்சியைக் கூட்டாமலும் குறைக்காமலும் ஓடினால், எதிர்காற்றில் கிலோமீற்றருக்கு 5 நிமிடம் 40 வினாடி அளவில் போவார். திரும்பும்போது 4 நிமிடம் 50 வினாடி அளவில் வருவார். போகையில் இழப்பது கிலோமீற்றருக்கு 40 வினாடி, வருகையில் கிடைப்பது 10 வினாடி. ஆக, 50 நிமிட ஓட்டம் 52 நிமிடத்தைத் தாண்டி, ஐம்பத்து இரண்டரைக்கு அருகில் முடியும். இந்த எண்கள் ஆளுக்கு ஆள் மாறும். மெலிந்தவருக்கும் பருத்தவருக்கும், உடலோடு ஒட்டிய பெனியனுக்கும் காற்றில் பறக்கும் தொளதொளத்த சட்டைக்கும் ஒரே விடை வராது. ஆனால் நாற்பதுக்குப் பத்து என்ற ஏற்றத்தாழ்வு யாருக்கும் பெரிதாக மாறாது.

அதே ஆள், கைக்கடிகாரம் காட்டும் 5 நிமிட வேகத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று எதிர்காற்றிலும் பிடிவாதமாக ஓடினால் என்னவாகும் என்பதையும் பார்த்துவிடலாம். அவருடைய சக்திச் செலவு ஏறக்குறைய 17 சதவீதம் உயரும். காற்றில்லாத நாளில் கிலோமீற்றருக்கு 4 நிமிடம் 20 வினாடியில் ஓடுவதற்குச் சமமான உழைப்பு அது. பத்துக் கிலோமீற்றரை 50 நிமிடத்தில் ஓடுகிறவர் அந்த உழைப்பை இரண்டு கிலோமீற்றருக்கு மேல் தாங்குவது கடினம். கடிகாரத்தைப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கும், எண் ஐந்திலேயே நிற்கும். ஆனால் மூச்சு, ஐந்து சொல்லைச் சேர்த்துச் சொல்ல முடியாத நிலைக்கு வந்துவிட்டிருக்கும். பண்ணைப் பாதையில் வேகத்தைக் கடிகாரத்தில் பார்ப்பதைவிட, பக்கத்தில் ஓடுகிறவரிடம் ஒரு முழு வாக்கியம் சொல்லிப் பார்ப்பது நல்ல அளவுகோல். இதயத்துடிப்பைக் காட்டும் பட்டி அணிந்தவர்கள் அதை நம்பலாம். ஆனால் துடிப்பு முயற்சிக்குப் பின்னால் ஓரிரு நிமிடம் தாமதமாகவே ஏறும். ஆகவே முதல் கிலோமீற்றரில் அது குறைவாகக் காட்டுவதைப் பார்த்து வேகத்தைக் கூட்டிவிடக் கூடாது. அந்த முதல் கிலோமீற்றருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கோட்டை மதிலின் பக்கமும் நகரின் கட்டடங்களின் பக்கமும் நின்று காற்றை மதிப்பிட்டால் உண்மை தெரியாது. கடல்நீரேரியின் பரப்பைப் பார்க்க வேண்டும். சிற்றலைகளின் நுனி ஆங்காங்கே வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தால், இன்று சொன்ன இந்தக் கணக்கு பொருந்தும் நாள் அது.

எதிர்காற்றில் முயற்சியைக் கூட்டாமல் நேரத்தைக் கூட்டிக்கொள்வது முதல் பாதி. இழப்பையே குறைக்க வழி உண்டா என்றால், இன்னொருவரின் முதுகுக்குப் பின்னால் ஓடுவதைத் தவிர வேறு வழியில்லை. இதை முதலில் முறையாக அளந்தவர்களில் ஒருவர் பிரித்தானிய உடலியலாளர் கிரிஃபித் பியூ. 1953இல் எவரெஸ்ட் ஏறிய குழுவோடு சென்றவர். 1971இல் அவர் வெளியிட்ட ஆய்வில், நடுத்தர தூர ஓட்ட வேகத்தில் 1 மீற்றர் இடைவெளியில் ஒருவருக்குப் பின்னால் ஓடுகிறவருக்குக் காற்றின் தடை பெரும்பாலும் இல்லாமற் போவதையும், உடல் பயன்படுத்தும் ஒட்சிசன் 6.5 சதவீதம் குறைவதையும் காட்டினார். 2019இல் வியன்னாவில் எலியுட் கிப்சோகே மரதன் தூரத்தை 1 மணி 59 நிமிடம் 40 வினாடியில் ஓடியபோது, வேகம் பிடித்துக் கொடுத்தவர்களைச் சிலரை முன்னாலும் இருவரைப் பின்னாலும் வகுத்து நிறுத்தியது இதே காரணத்துக்காகத்தான். அது காற்று அடங்கிய காலைநேரம். மணிக்கு 21 கிலோமீற்றர் வேகத்தில் அவரே தனக்குக் காற்றை உண்டாக்கிக்கொண்டார் என்பதுதான் அங்கே விடயம். நாங்கள் ஓடுவது அதில் பாதிக்குச் சற்று மேற்பட்ட வேகத்தில்தான் என்றாலும், மிச்சத்தைச் சோழகம் நிரப்பிவிடுகிறது.

ஆய்வகத்தில் கிடைத்தது போல முழு மறைவும் தெருவில் கிடைக்காது. காற்று நேராக வருவதில்லை, முன்னால் ஓடுகிறவரும் ஆடாமல் ஓடுவதில்லை. தடையில் பாதி குறைகிறது என்று மட்டும் வைத்துக்கொண்டாலே, நம்முடைய எடுத்துக்காட்டு மனிதர் அதே முயற்சியில் 5 நிமிடம் 40 வினாடிக்குப் பதிலாக 5 நிமிடம் 20 வினாடிக்கு அருகில் ஓட முடியும். இழந்த 40 வினாடியில் பாதி. பயிற்சி செய்து இவ்வளவு முன்னேற்றம் காண எத்தனை மாதம் வேண்டும் என்று நினைத்துப் பார்த்தால், வெட்கத்தை விட்டு ஒருவரின் பின்னால் போய் நிற்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. எங்கள் பக்கத்தில் சிலருக்கு இது கள்ளத்தனமாகப் படுகிறது என்பது தெரியும். ஓட்டப்போட்டியில் இதைத் தடுக்கும் விதி ஏதும் இல்லை.

மறைவு இருக்கும் இடத்தைக் கண்ணால் தேட வேண்டியதில்லை, காது சொல்லும். எதிர்காற்றில் ஓடும்போது காதுக்குள் இடைவிடாத இரைச்சல் ஒன்று இருக்கும். முன்னால் ஓடுகிறவரை நெருங்கி ஒரு மீற்றர் அளவுக்குள் வந்ததும் அந்த இரைச்சல் சட்டென்று தணியும், நெஞ்சில் படபடத்துக்கொண்டிருந்த சட்டையும் அடங்கித் தொங்கும், அவருடைய காலடிச் சத்தமும் அப்போதுதான் கேட்கத் தொடங்கும். ஓரடி பக்கவாட்டில் விலகினால் இரைச்சல் ஒரு காதில் மட்டும் திரும்பி வரும். எந்தக் காதில் வருகிறதோ அந்தப் பக்கத்திலிருந்துதான் காற்று சாய்ந்து வருகிறது என்று பொருள், மறுபக்கம் நகர வேண்டும். இரண்டு மீற்றர் பின்தங்கிவிட்டால் பயன் வெகுவாகக் குறைந்துவிடும். அந்த இடைவெளியை எதிர்காற்றில் மறுபடி அடைப்பதற்கு ஆகும் செலவு, அதுவரை மறைவில் மிச்சம்பிடித்ததைத் தின்றுவிடும். எங்கள் குழுவில் வயதில் மூத்த ஒருவர் பின்தங்கத் தொடங்கும்போதெல்லாம் உயரமான தம்பி ஒருவர் திரும்பிப் பார்க்காமலே, "அண்ணை, கிட்ட வாங்கோ, அங்க நிண்டா எல்லாக் காத்தும் உங்களுக்குத்தான்" என்பார். கிட்ட ஓடுவதில் உள்ள ஆபத்து குதிக்கால் தட்டுவது. முன்னவரின் காலைப் பார்த்துக்கொண்டு ஓடினால் கட்டாயம் தட்டும். அவருடைய தோள்களுக்கு நடுவே பார்வையை வைத்துக்கொண்டால், அவர் தடுமாறுவதும் வேகம் குறைப்பதும் முதலில் தோளிலேயே தெரியும்.

சோழகம் எப்போதும் பாதைக்கு நேரே வருவதில்லை. சில நாட்களில் தெற்கே சாய்ந்து இடது முன்பக்கத்திலிருந்து வரும், சில நாட்களில் மேற்கே சாய்ந்து வலது முன்பக்கத்திலிருந்து வரும். அப்போது மறைவு, முன்னவருக்கு நேர் பின்னால் இல்லாமல் காற்றுக்கு எதிர்ப்புறமாகச் சற்று விலகி இருக்கும். சைக்கிள் ஓட்டப்போட்டிகளில் வீரர்கள் தெருவின் குறுக்கே சாய்வாக வரிசை போடுவது இதனால்தான். எங்களுக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. எதிரே வரும் வாகனம் தெரியும்படி வலது ஓரமாக ஓடுகிறோம். காற்று இடது முன்பக்கத்திலிருந்து வந்தால் சாய்வு வரிசை நீர்க்கரைப் பக்கமாக விரியும், அதில் கவலை இல்லை, இடம் இருக்கும் வரை விரியலாம். காற்று வலது முன்பக்கத்திலிருந்து வந்தால் வரிசை தெருவின் நடுவை நோக்கி விரியும். ஊர்காவற்றுறைக்கும் குறிகட்டுவானுக்கும் போய்வரும் பேருந்துகள் ஓடும் தெரு அது. அந்த நாட்களில் ஒருவர் பின் ஒருவராக நேர்வரிசையில் ஓடி, கிடைக்கும் குறைந்த மறைவோடு திருப்திப்பட வேண்டியதுதான். காதில் ஒரு பக்கம் இரைந்துகொண்டே இருக்கும், இருக்கட்டும்.

நான்கைந்து பேர் முறைவைத்து முன்னால் ஓடினால் ஒவ்வொருவருக்கும் பெரும்பகுதி நேரம் மறைவு கிடைக்கும். ஒருவர் முன்னால் நிற்கும் நேரம் ஒன்றரை நிமிடத்திலிருந்து இரண்டு நிமிடம் வரை போதும். ஒரு முழுக் கிலோமீற்றர் என்று வைத்தால் பலவீனமானவர் தன் முறையிலேயே தீர்ந்துபோவார். முறை முடிந்தவர் நீர்க்கரைப் பக்கமாக அரையடி ஒதுங்கி வேகத்தைச் சிறிது குறைக்க வேண்டும், மற்றவர்கள் தத்தம் கோட்டில் நேரே கடந்து போக வேண்டும். பின்னாலிருப்பவர்கள் தெருப்பக்கம் விலகி முந்துவது கூடாது. இதில் வழக்கமாகக் கெட்டுப்போகும் இடம் ஒன்றுதான். இதுவரை மறைவில் இளைப்பாறியவர் முன்னால் வந்ததும், கால் இலேசாக இருப்பதால் தன்னையறியாமல் வேகத்தைக் கூட்டுவார். அதே கணத்தில், இரண்டு நிமிடம் காற்றை வாங்கிக் களைத்தவர் வரிசையின் கடைசிக்குப் போய் ஒட்டிக்கொள்ள முயன்றுகொண்டிருப்பார். வரிசை அறுவது எப்போதும் இந்த வாலில்தான். புதிதாக முன்னால் வருகிறவர் முதல் இருபது முப்பது எட்டுகளுக்குப் பழைய வேகத்தையே வைத்திருந்து, பின்னாலிருந்து "சரி" என்று குரல் வந்த பிறகு தன் முயற்சிக்கு ஏற்ப ஓடலாம். குழுவில் மற்றவர்களைவிட மெதுவானவர் தன் முறையை விட்டுவிட்டுப் பின்னாலேயே இருப்பது எல்லோருக்கும் நல்லது. அவரை மரியாதைக்காக முன்னால் அனுப்பினால் வரிசையே இழுபடும்.

ஐந்தாவது கிலோமீற்றரில் திரும்பியதும் காற்று நின்றுபோனது போல இருக்கும். இரைச்சல் போய்விடும், நீரேரி ஓரத்து நாற்றம்கூட அப்போதுதான் மூக்கில் ஏறும். இந்த இடத்தில் ஏறக்குறைய எல்லோரும் வேகத்தைக் கூட்டுகிறார்கள், ஏனென்றால் இழந்ததை எடுக்கும் நேரம் இதுதான் என்று மனம் சொல்கிறது. மேலே பார்த்த கணக்கின்படி எடுப்பதற்கு இருப்பது கிலோமீற்றருக்கு 10 வினாடி மட்டுமே. அந்தப் பத்தும் முழுதாகக் கிடைக்காமற்போக ஒரு காரணம் இருக்கிறது, அது வெப்பம். போகும்போது உடலைக் கடந்து 30 கிலோமீற்றர் வேகத்தில் காற்று போய்க்கொண்டிருந்தது, வியர்வை வழியும் முன்பே உலர்ந்துகொண்டிருந்தது. வரும்போது உடலுக்கும் காற்றுக்கும் இடையிலான வேகம் 6 கிலோமீற்றர்தான். இன்னும் கொஞ்சம் வேகமாக ஓடினால் அதுவும் குறையும், மணிக்கு 18 கிலோமீற்றரில் ஓடுகிறவருக்குக் காற்றே இருக்காது. கடற்கரைக் காலையின் ஈரப்பதத்தில் அசையாத காற்றுக்குள் ஓடும்போது வியர்வை ஆவியாகாமல் சொட்டிக்கொண்டே போகும், உடல் குளிராது. உழைப்பு கூடாமலே இதயத்துடிப்பு ஏறுவது இதன் அடையாளம். திரும்பிய பிறகு வேகம் மாறாதிருக்கையில் துடிப்பு கிலோமீற்றருக்குக் கிலோமீற்றர் நான்கைந்தாக ஏறிக்கொண்டே போனால், அது காலின் களைப்பாக இருப்பதைவிட வெப்பமாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். வெயில் ஏறிய பிறகு இது இரட்டிப்பாகும்.

ஆகவே திருப்பத்தில் செய்ய வேண்டியவை போகும்போது செய்ததற்கு நேர் எதிர். குழு நெருக்கமாக ஓட வேண்டிய தேவை முடிந்துவிட்டது. முதுகுக்காற்றில் ஒருவர் பின் ஒருவராக ஒட்டி ஓடினால், கிடைக்கும் சிறு தள்ளுவிசையும் முன்னவருக்குச் சேராமல் போகும், எல்லோருடைய வெக்கையும் ஒன்றாகச் சேரும். வாகனம் பார்த்து, நான்கைந்து மீற்றர் விட்டுவிட்டு ஓடுவதே சரி. தண்ணீர் கொண்டு போகிறவர்கள் திருப்பத்திலேயே கொஞ்சம் குடித்து, மிச்சத்தில் ஒரு பகுதியைத் தலையிலும் கழுத்திலும் ஊற்றிக்கொள்ளலாம். காற்றுப் படாத உடலில் அந்த ஈரம் நெடுநேரம் நிற்கும், குறைவாகவே குளிர்விக்கும் என்றாலும் ஒன்றுமில்லாததற்கு அது மேல். வேகத்தை உடனே கூட்டாமல், திரும்பியபின் முதல் கிலோமீற்றரைக் காற்றில்லாத நாளின் வேகத்திலேயே ஓடிப் பார்த்து, துடிப்பும் மூச்சும் நிலைகொண்டால் மட்டும் அடுத்ததில் ஐந்து வினாடி, அதற்கடுத்ததில் ஐந்து வினாடி என்று இறக்கலாம். கடைசி ஒன்றரைக் கிலோமீற்றரில் யாழ்ப்பாணக் கரை நெருங்குவதால் கால் தானாகவே வேகம் பிடிக்கும், அதைப் பற்றி எழுதத் தேவையில்லை.

மார்கழி, தை மாதங்களில் வாடை வீசும்போது இந்தப் பாதை தலைகீழாகிறது. வடகிழக்குக் காற்று முதுகில் தள்ள, மண்டைதீவுப் பக்கம் போவது சுகமாக இருக்கும். எதிர்காற்று திரும்பும் பாதியில், களைத்த கால்களுக்குக் காத்திருக்கும். முயற்சி சமமாக இருந்தால் மொத்த நேரம் ஏறக்குறைய ஒன்றுதான், எந்தப் பாதி முதலில் வருகிறது என்பதால் கணக்கு மாறாது. மாறுவது ஏமாறும் வாய்ப்புத்தான். புறப்படும்போது கிடைக்கும் பத்து வினாடியைத் தன் திறமை என்று எண்ணி இன்னும் பத்து வினாடியைக் கூட்டிவிடுகிறவர், வாடையில் திரும்பும்போது தனியாக மாட்டிக்கொள்வார். ஏனென்றால் அதற்குள் குழு கலைந்திருக்கும், ஒதுங்குவதற்கு ஒரு முதுகும் அருகில் இருக்காது. வாடைக்காலத்தில் போகும் ஐந்து கிலோமீற்றரிலும் தன் வேகத்துக்கு ஒத்த இரண்டு மூன்று பேரைக் கண்ணில் வைத்துக்கொண்டு, அவர்களோடு சேர்ந்தே திருப்பத்துக்கு வந்து சேர வேண்டும், அதற்காகச் சில வினாடிகளை விட்டுக்கொடுக்க நேர்ந்தாலும். திருப்பத்தில் தண்ணீருக்காக அவர்கள் நின்றால் நானும் நிற்பேன்.